மொழிபெயர்ப்பே தொழில் – 9: ஏஜென்சிக்கு ஒரு கடிதம், நேரடி வாடிக்கையாளருக்கு வேறு கடிதம்

சுயமாகத் தொழில் செய்யும் மொழிபெயர்ப்பாளருக்கு வேலை இரண்டு இடங்களிலிருந்து வருகிறது: மொழிபெயர்ப்பு ஏஜென்சி, நேரடி வாடிக்கையாளர். ஏஜென்சிக்கு இந்தத் தொழிலின் நடைமுறை தெரியும், வேண்டியது ஆள் மட்டுமே. நேரடி வாடிக்கையாளருக்குத் தன் துறை தெரியும், மொழிபெயர்ப்பு எப்படி நடக்கிறது என்பது பெரும்பாலும் தெரியாது. அதனால் ஒரே கடிதத்தை இருவருக்கும் அனுப்பினால் பயன் இருக்காது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மருத்துவ ஆவணங்களை மொழிபெயர்ப்பவர் ஒருவரை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

ஏஜென்சியில் மொழிபெயர்ப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பவர் வெண்டார் மேனேஜர். வேலை வந்ததும் அங்குள்ளவர்கள் பழைய மின்னஞ்சல்களைப் புரட்டுவதில்லை. தங்கள் பட்டியலில் மொழி இணை, துறை, கட்டணம் ஆகியவற்றை வைத்துத் தேடுவார்கள். ஆகவே ஏஜென்சியின் தளத்தில் பதிவுப் படிவம் இருந்தால் முதலில் அதை முழுமையாக நிரப்ப வேண்டும். கட்டணப் பகுதியை வெறுமையாக விட்டவர் தேடலில் தென்படாமலே போகலாம். அதன் பிறகுதான் கடிதம். 'ஆங்கிலம்–தமிழ், மருந்துச் சோதனை ஒப்புதல் படிவங்கள்' என்று தலைப்பு வரியே விஷயத்தைச் சொல்ல வேண்டும். உள்ளே தாய்மொழி, தகுதி, ஒரு சொல்லுக்கான கட்டணம், ஒரு நாளில் முடிக்கக்கூடிய சொற்கள், பயன்படுத்தும் மென்பொருள் ஆகியவை சில வரிகளில் இருந்தால் போதும்.

தகுதியைச் சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. 2015இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 17100 தரநிலையைப் பின்பற்றும் ஏஜென்சி, மொழிபெயர்ப்பாளரிடம் மூன்றில் ஒன்றையாவது எதிர்பார்க்கும்: மொழிபெயர்ப்பில் பட்டம், வேறு துறையில் பட்டமும் இரண்டு ஆண்டு முழுநேர அனுபவமும், ஐந்து ஆண்டு முழுநேர அனுபவம். இவற்றில் தனக்கு எது பொருந்துகிறது என்பதையும் அதற்கான சான்று கைவசம் இருப்பதையும் கடிதத்திலேயே எழுதிவிட்டால், வெண்டார் மேனேஜர் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது.

நேரடி வாடிக்கையாளரைப் பொறுத்தவரை, யாருக்கு எழுதுவது என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை. மருந்துச் சோதனையில் சேர்பவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தர வேண்டும் என்பது இந்தியாவில் சட்டப்படியான கடமை. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் சோதனை நடத்துபவர்களுக்குத் தமிழ்ப் படிவம் தேவைப்படுவது இதனால்தான். அவர்கள் யார் என்பதை இந்திய மருந்துச் சோதனைப் பதிவேட்டில் (ctri.nic.in) யாரும் பார்க்கலாம். 2007இல் தொடங்கிய இந்தப் பதிவேட்டில், சோதனைக்குப் பணம் தரும் நிறுவனம், சோதனை நடக்கும் மருத்துவமனைகள், விசாரணைக்கான தொடர்பு ஆகியவை ஒவ்வொரு சோதனைக்கும் தரப்பட்டுள்ளன.

இதில் ஒரு வரம்பு உண்டு. பதிவேட்டில் ஒரு சோதனை தென்படும்போது அதன் தமிழ்ப் படிவம் நெறிமுறைக் குழுவின் பார்வைக்கு ஏற்கெனவே போயிருக்கக்கூடும். ஆகவே அந்த ஒரு வேலையைக் கேட்டு எழுதுவதில் பொருளில்லை. சென்னை, கோவை, வேலூர், மதுரை மருத்துவமனைகளில் அடுத்தடுத்துச் சோதனை நடத்தும் நிறுவனங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு அடுத்த சோதனை வரும். நடக்கும் சோதனையின் திட்டம் திருத்தப்பட்டால் படிவத்தையும் திருத்த வேண்டியிருக்கும்.

இவர்களுக்கான கடிதத்தில் மென்பொருளைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஒப்புதல் படிவத்தோடு பொதுவாக அவர்கள் எதிர்பார்ப்பவை இரண்டு: மொழிபெயர்ப்புச் சான்றிதழ், தமிழ்ப் படிவத்தை வேறொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த பிரதி. இந்த இரண்டாவது வேலையை முதல் மொழிபெயர்ப்பாளரே செய்யக் கூடாது. செய்தால் ஒப்பிட்டுப் பார்ப்பதன் நோக்கமே கெட்டுவிடும். எனவே எழுதுவதற்கு முன்பே இன்னொரு மொழிபெயர்ப்பாளரோடு பேசி வைத்திருக்க வேண்டும். 'படிவம், சான்றிதழ், வேறொருவர் செய்த மறுமொழிபெயர்ப்பு மூன்றும் இத்தனை நாளில், இந்தக் கட்டணத்தில்' என்று எழுதினால், பெறுபவருக்குத் தன் வேலை எளிதாவது உடனே தெரியும். மாதிரிக்கு, தானே எழுதிய ஒரு பத்தியையும் அதன் தமிழையும் இணைக்கலாம். வேறு வாடிக்கையாளரின் படிவத்தை அனுப்பினால் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். அனுப்பியவரை நம்பி வேலை தரவும் யோசிப்பார்கள்.

பதில் வராவிட்டால் பத்து, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதிலில்லை என்றால் சில மாதங்களுக்கு விட்டுவிடுவது நல்லது. யாருக்கு, எந்தத் தேதியில், எந்தத் துறையைச் சொல்லி எழுதப்பட்டது என்ற குறிப்பு ஓர் அட்டவணையில் இருந்தால், ஒருவருக்கே இருமுறை அறிமுகக் கடிதம் போகாது.

பதில் வந்தாலும் உடனே வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. ஏஜென்சி பணம் ஒழுங்காகத் தருகிறதா என்பதை ProZ.com தளத்தின் Blue Board பக்கத்தில் மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் தந்த மதிப்பீட்டைக் கொண்டு பார்க்கலாம். சில நூறு சொற்களுக்குள் அடங்கும் தேர்வு வழக்கமானதே. பல பக்க ஆவணத்தை இலவசத் தேர்வு என்று அனுப்பினால் சந்தேகிக்க வேண்டும். பேசியதைவிடக் கூடுதலான தொகைக்குக் காசோலை அனுப்பி, மீதியைத் திருப்பிக் கேட்பதும் தெரிந்த மோசடிதான். கட்டணம், கெடு, பணம் வரும் நாள் மூன்றும் எழுதப்பட்ட பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வந்த பிறகே முதல் வரியை மொழிபெயர்க்கத் தொடங்க வேண்டும்.