6.7 என்பது எத்தனை சதவீதம்?

தமிழ்நாட்டில் இன்று பொறியியல் படித்து முடிப்பவரின் மதிப்பெண் பட்டியலில் சதவீதம் இருப்பதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஓ, ஏ பிளஸ், ஏ என்று ஓர் எழுத்துக் கிரேடும், எல்லாவற்றுக்கும் சேர்த்து சி.ஜி.பி.ஏ. என்று ஓர் எண்ணும் இருக்கும். அதே மாணவர் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போனால் அங்கே சதவீதம் கேட்பார்கள். தனியார் நிறுவனத்தின் படிவம் பத்துக்கு எவ்வளவு என்று கேட்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் படிவத்தில் நான்குக்கு எவ்வளவு என்று ஒரு கட்டம் இருக்கும்.

இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் பாதித் தவறுகள் நேராது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் 91 முதல் 100 வரை வாங்கினால் ஓ கிரேடு, அதற்குப் புள்ளி 10. 81 முதல் 90 வரை ஏ பிளஸ், புள்ளி 9. 71 முதல் 80 வரை ஏ, புள்ளி 8. இப்படியே இறங்கி, 50 முதல் 55 வரை சி கிரேடு, புள்ளி 5. அதற்குக் கீழே தேர்ச்சி இல்லை. ஒரு பாடத்தில் 71 வாங்கியவருக்கும் 80 வாங்கியவருக்கும் ஒரே 8 புள்ளிதான். ஒன்பது மதிப்பெண் வித்தியாசம் அந்த இடத்திலேயே மறைந்துவிடுகிறது. ஆகவே சி.ஜி.பி.ஏ.யை எந்தச் சூத்திரத்தில் போட்டாலும் உண்மையான மதிப்பெண் திரும்பக் கிடைக்காது. மாற்றுச் சூத்திரம் என்பது கணக்கால் நிரூபித்த உண்மை அல்ல, பட்டம் தந்த நிறுவனம் வகுத்த விதி. எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு விடையும் இதிலேயே இருக்கிறது.

சி.ஜி.பி.ஏ. 6.7 வாங்கிய ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளலாம். பத்தால் பெருக்கினால் 67 சதவீதம். நண்பர் ஒருவர் 9.5ஆல் பெருக்கச் சொன்னார் என்று அப்படிச் செய்தால் 63.65. கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வகுத்த ஒரு முறைப்படி 0.75ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்கினால் 59.5. அறுபது சதவீதம் தேவை என்று சொல்லும் வேலைக்கு முதல் இரண்டு கணக்கில் இவர் தகுதி உள்ளவர், மூன்றாவது கணக்கில் தகுதி இல்லாதவர். படித்த படிப்பும் எழுதிய தேர்வும் ஒன்றேதான்.

இதில் 9.5 என்ற எண்ணால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அது சி.பி.எஸ்.இ. தன் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காகச் சொன்னது. 91 முதல் 100 வரை வாங்கியவர்களின் சராசரி ஏறத்தாழ 95 என்று பார்த்து, அதைப் பத்தால் வகுத்து 9.5 என்று வைத்தார்கள். அந்தப் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு அது சரி. கல்லூரிப் பட்டத்துக்கு அதைப் போடுவதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. இணையத்தில் கிடைக்கும் பொதுவான மாற்றுக் கணிப்பான்கள் பல இந்த எண்ணையே வைத்திருப்பதால் தவறு பரவிக்கொண்டே இருக்கிறது.

வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனத்தின் அறிவிப்பு இந்த விஷயத்தில் கறாரானது. சி.ஜி.பி.ஏ. பெற்றவர்கள் அதைச் சதவீதமாக மாற்றித்தான் பதிய வேண்டும். எந்த விதிப்படி மாற்றியது என்பதற்குப் பல்கலைக்கழகத்தின் சான்றையும் நேர்முகத் தேர்வில் காட்ட வேண்டும். 59.99 சதவீதம் அறுபதுக்குக் குறைவாகவே கொள்ளப்படும் என்றும் அதில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. 59.5ஐ 60 ஆக்கிப் பதிந்தவருக்குப் படிவம் தடை சொல்லாது. தேர்வு எழுதவும் விடும். சான்றிதழ் சரிபார்க்கும் நாளில்தான் விஷயம் வெளியே வரும், அதற்குள் ஓராண்டு உழைப்பு போயிருக்கும்.

இன்னொரு தவறு, பருவத் தேர்வுகளின் சராசரிகளைக் கூட்டி வகுப்பது. முதல் பருவத்தில் 25 கிரெடிட், சராசரி 6.4 என்றும், கடைசிப் பருவத்தில் 10 கிரெடிட், சராசரி 9.2 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 7.8 வரும். கிரெடிட்டோடு பெருக்கிக் கணக்கிட்டால் முதல் பருவத்துக்கு 160, கடைசிப் பருவத்துக்கு 92, மொத்தம் 252. அதை 35ஆல் வகுத்தால் 7.2. இதுதான் சரியான எண். கடைசிப் பருவங்களில் கிரெடிட் குறைவாகவும் மதிப்பெண் தாராளமாகவும் இருப்பது வழக்கம் என்பதால், நேர் சராசரி பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும். பட்டியலில் அச்சாகியிருக்கும் சி.ஜி.பி.ஏ.யை அப்படியே எடுத்து எழுதுவது நல்லது.

வெளிநாட்டுப் படிவங்களுக்கு வேறு கவனம் வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகப் படிவங்களில் எண்ணுக்கு ஒரு கட்டமும் அளவுகோலுக்கு ஒரு கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுண்டு. அங்கே 6.7 என்றும் 10 என்றும் பதிந்தால் போதும். 2.5ஆல் வகுத்து 2.68 என்று தாமாக மாற்றி எழுதக் கூடாது, படிவமே கேட்டாலொழிய. ஜெர்மனியில் அளவுகோலே தலைகீழ்: 1 மிகச் சிறந்தது, 4 கடைசித் தேர்ச்சி. அங்கே பரவலாகப் பயன்படும் பவேரியச் சூத்திரம் மூன்று எண்களைக் கேட்கும்: உச்ச மதிப்பு, தேர்ச்சிக்கான குறைந்த மதிப்பு, மாணவர் பெற்றது. உச்ச மதிப்பிலிருந்து பெற்றதைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும்.

```
1 + 3 × (10 − 6.7) ÷ (10 − 5) = 2.98
```

தேர்ச்சி மதிப்பு 5 என்பதை மறந்து 0 என்று போட்டால் விடை 1.99 ஆகிவிடும். நடுத்தர மாணவர் முன்வரிசை மாணவராகத் தெரிவார். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்திலோ பல்கலைக்கழக விதிமுறையிலோ தேர்ச்சிப் புள்ளி எது என்று பார்த்துவிட்டே அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும்.

பள்ளி மதிப்பெண்ணிலும் அளவுகோல் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2018 வரை பிளஸ் டூ எழுதியவர்களுக்கு மொத்தம் 1200, 2019 முதல் 600. பழைய சான்றிதழில் 1,044 வாங்கியவருக்கு 87 சதவீதம். படிவத்தில் மொத்தம் 600 என்று முன்கூட்டியே நிரப்பியிருந்தால் அதை முதலில் 1200 ஆக்க வேண்டும். மாற்ற முடியாவிட்டால் 522 என்று பாதியாக்கி எழுதுவது தவறு, அந்த எண் சான்றிதழில் எங்கும் இல்லை. கொரோனா காலத்தில், 2021இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சி என்று மட்டுமே சான்றிதழ் கிடைத்தது. அவர்கள் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணையோ 35 என்ற எண்ணையோ தாமாகப் போட்டுவிடாமல், அறிவிப்பில் அந்த ஆண்டைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் உதவி மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்திக்கொண்டு நிரப்புவதே பாதுகாப்பு.

சதவீத மாற்றுச் சான்றைத் தருவது பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். கேட்டவுடன் கையில் கிடைத்துவிடாது. பட்டம் வாங்கும்போதே அதற்கும் சேர்த்து விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.