மாதம் பத்தாயிரம் தரும் பார்ட்டி

மதுரையில் இரண்டு ஊழியர்களை வைத்து ஜி.எஸ்.டி. கணக்கும் வருமான வரிக் கணக்கும் பார்க்கும் ஒரு சின்ன அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்பது, ஐம்பது பார்ட்டிகள். அதில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரி மாதம் 10,000 ரூபாய் ஃபீஸ் தருகிறார். ஒரு மருந்துக்கடைக்காரர் தருவது 3,000. இருவரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தால் யாருக்கு முதலில் நாற்காலி போடுவார்கள் என்று சொல்லவே வேண்டாம். அந்த மரியாதை சரியான இடத்துக்குத்தான் போகிறதா என்பதை வருமானக் கணக்கை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

முதலில் ஆண்டு வருமானம். பில் போட்ட தொகையைத்தான் எடுக்க வேண்டும். வங்கியில் விழுந்ததைக் கூட்டினால் தப்பாகும். டி.டி.எஸ். பிடிக்கும் பார்ட்டி பத்தாயிரத்துக்கு ஒன்பதாயிரம்தான் அனுப்புவார். மீதி ஆயிரம் வருமான வரித் துறையில் உங்கள் பெயரில் நிற்கிறது, அதுவும் உங்கள் வருமானமே. பில் போட்டு வராமலே போன பணத்தைத் தனியே கழித்துவிட வேண்டும். இப்படிப் பார்த்ததில் நம் அலுவலகத்தின் ஆண்டு வருமானம் 14 லட்சம்.

அடுத்தது செலவு. ஊழியர் இருவருக்கும் மாதம் 18,000 வீதம் சம்பளம், தீபாவளிக்கு ஒரு மாத போனஸ், வாடகை, மின்சாரம், இணையம், சாஃப்ட்வேர் எல்லாம் சேர்ந்து 6,36,000 ரூபாய். பலர் இங்கேயே நிறுத்திக்கொண்டு மீதியெல்லாம் லாபம் என்கிறார்கள். முதலாளி காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்து செய்யும் வேலைக்குக் கூலி போடுவதே இல்லை. இதே ஆள் வேறொரு கம்பெனியில் சீனியர் அக்கவுண்டன்டாகப் போனால் 45,000 வாங்குவார் என்றால், ஆண்டுக்கு 5,40,000 ரூபாயையும் செலவில் எழுத வேண்டும். மொத்தம் 11,76,000. உண்மையான லாபம் 2,24,000, அதாவது வருமானத்தில் 16 சதவீதம்.

இனி நேரம். ஆளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 280 நாள் என்றால் மூவருக்கும் சேர்த்து 6,720 மணி. இது முழுக்க ஏதாவது ஒரு பார்ட்டியின் வேலைக்குப் போவதில்லை. டீ, வங்கி, சொந்தக் கணக்கு, புது ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு பெரிய பங்கு கரைந்துவிடும். ஒரு பார்ட்டியின் பெயரைச் சொல்லி எழுதக்கூடிய நேரம்தான் பில்லுக்குரிய நேரம். நம் அலுவலகத்தில் அது 4,200 மணி. செலவை இதால் வகுத்தால் ஒரு மணி நேரத்தின் அடக்கவிலை 280 ரூபாய்.

இந்த நேரத்தை எழுதி வைப்பதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். மணிக்கணக்கில் நேரக் குறிப்பு வைக்கும் பழக்கத்தை அமெரிக்க வக்கீல் அலுவலகங்களில் பரப்பியவர் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித். ஏழைகளிடம் காசு வாங்காத பாஸ்டன் சட்ட உதவி அமைப்பில் 1914-இல் பொறுப்பேற்றவர் அவர். காசு வாங்காத வேலைக்கும் என்ன செலவாகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. வக்கீல்கள் ஆறு நிமிடத்தை ஓர் அலகாக வைப்பதுண்டு, நமக்குக் கால் மணி போதும். எக்ஸெல்லில் தேதி, பார்ட்டி, ஆள், வேலை, நிமிடம் என்று ஐந்து பத்தி. ஆண்டு முடிவில் ஒரு பார்ட்டியின் மொத்த மணியை எடுக்க இது போதும்:

```
=SUMIF(B:B,"ஜவுளி",E:E)/60
```

வேலை முடிந்த கையோடு எழுத வேண்டும். மாதக் கடைசியில் யோசித்து எழுதினால் போன் பேசியதும் வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தியைக் கேட்டதும் காணாமல் போய்விடும். எல்லாப் பார்ட்டிக்கும் எல்லா மாதமும் வட்டமான எண்களாக இருந்தால் அது யோசித்து எழுதியது என்று தெரிந்துகொள்ளலாம். ஜி.எஸ்.டி. போர்ட்டல் சுற்றிக்கொண்டே நிற்கும் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது என்று கேட்பார்கள். யாருடைய ரிட்டர்னுக்காகக் காத்திருக்கிறோமோ அவர் கணக்கில்தான். ஒரே மாதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. ஜூலையும் செப்டம்பரும் நவம்பர் மாதிரி இருக்காது. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு முழுச் சுற்று வேண்டும்.

அப்படி எழுதியதில் மருந்துக்கடைக்கு ஆண்டுக்கு 72 மணி நேரம் போயிருக்கிறது. ஃபீஸ் 36,000, அடக்கம் 20,160. லாபம் 44 சதவீதம். ஜவுளிக்கடைக்கு 520 மணி. பில்கள் பைக்கட்டாக ஒன்பதாம் தேதிதான் வரும். பதினொன்றாம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 போட வேண்டும். பாதி பில்லில் எண் தெளிவில்லை, போன் மேல் போன். அடக்கம் 1,45,600, ஃபீஸ் 1,20,000. அதாவது 25,600 ரூபாய் நஷ்டம். முதலாளியின் கூலியைச் சேர்க்காமல் போட்டிருந்தால் இதே பார்ட்டி சுமார் 41,000 லாபம் தருவதாகத் தெரிந்திருக்கும். இத்தனை ஆண்டு கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான்.

சரி, ஜவுளிக்கடையை விட்டுவிடலாமா? அவசரப்பட்டால் இங்கேதான் அடி விழும். அவர் போனதும் 1,20,000 வருமானம் போய்விடும். வாடகையும் சம்பளமும் அப்படியே இருக்கும். 2,24,000 லாபம் 1,04,000 ஆகிவிடும். விற்ற நேரம் 3,680 மணியாகக் குறைவதால் அடக்கவிலையும் 280-லிருந்து 320 ரூபாய்க்கு ஏறும். நேற்று வரை மணிக்கு 300 ரூபாய் தந்து கொஞ்சம் லாபத்தில் இருந்த ஹோட்டல்காரர், எந்தத் தப்பும் செய்யாமலே இன்று நஷ்டப் பார்ட்டி ஆகிவிடுவார். அவரையும் அனுப்பினால் விலை இன்னும் ஏறும், அடுத்தவர் சிக்குவார். சதவீதத்தை மட்டும் நம்பிப் பார்ட்டிகளைக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் கடையை மூட வேண்டியதுதான்.

ஆகவே 280 ரூபாய் என்பது யாரிடம் பேச வேண்டும் என்று காட்டும் எண். யாரை அனுப்ப வேண்டும் என்பதை வேறொரு கேள்வி தீர்மானிக்கும்: காலியாகும் அந்த 520 மணியில் என்ன செய்வீர்கள்? ஜவுளிக்கடைக்காரர் இப்போது தருவது மணிக்கு 231 ரூபாய். மருந்துக்கடை மாதிரி ஏழு பார்ட்டிகள் வருவதற்குத் தயாராக இருந்தால், ஏறத்தாழ அதே நேரத்தில் 2,52,000 ரூபாய் வரும். தாராளமாக விடலாம். இல்லையென்றால், 231 ரூபாயும் வாடகையில் ஒரு பங்கைச் சுமக்கும் பணம்தான். நேரமே இல்லாமல் புதுப் பார்ட்டியைத் திருப்பி அனுப்பும் அலுவலகத்துக்கு ஒரு பதில், ஆள் சும்மா உட்கார்ந்திருக்கும் அலுவலகத்துக்கு வேறு பதில்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. பேசுவது. “அண்ணாச்சி, அஞ்சாந்தேதிக்குள்ள பில்லு எக்ஸெல்ல வந்துட்டா பழைய ஃபீஸே இருக்கட்டும். பையில வந்தா மாசம் பதினாலாயிரம் ஆகும்.” கடையிலேயே பதிவு நடந்து வேலை 300 மணிக்கு இறங்கினால் மணிக்கு 400 ரூபாய் ஆகிறது. பதினாலாயிரம் தந்தாலும் 323. இரண்டுமே அடக்கத்துக்கு மேல். பெரும்பாலானவர்கள் முதலில் கோபித்துக்கொண்டு, பிறகு ஒரு பையனை வைத்துப் பதிவு போட ஆரம்பிப்பார்கள் என்பது என் எண்ணம். வேறு ஆடிட்டரிடம் கொடுத்துப் பழைய ஆண்டுகளை மறுபடி விளக்குவது அவர்களுக்கும் தலைவலிதான்.

இரண்டுக்கும் ஒத்துவராமல் பிரிவதென்றால் மார்ச் மாத ரிட்டர்னை முடித்துக் கொடுத்துவிட்டுப் பிரிவது நல்லது. ஆண்டு நடுவில் விட்டால் யார் செய்த தப்பு என்ற வழக்கு பின்னால் வரும். பாக்கி ஃபீஸை வசூலித்து, கணக்கு ஃபைலைக் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. போர்ட்டலில் உங்கள் மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்து வைத்திருந்தால், அதே நாளில் அவருடையதாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அவருக்கு வரும் ஓ.டி.பி.யும் நோட்டீஸும் உங்கள் போனுக்கே வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தை எழுத எக்ஸெல்லில் பார்ட்டி பெயர்கூட இருக்காது.