எழுபது பைட் படம், ஒரு பைட் சேதம்

1988இல் ஒரு மழை இரவு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், வீட்டிலிருந்து தொலைபேசி இணைப்பு வழியே பல்கலைக்கழகக் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். இடி மின்னலால் இணைப்பில் இரைச்சல் புகுந்து, அவர் தட்டாத எழுத்துகளும் போய்ச் சேர்ந்தன. அவரை வியக்கவைத்தது இரைச்சல் அல்ல. அந்தக் குப்பை எழுத்துகளைப் படித்ததும் பலரும் பல காலமாகப் பயன்படுத்திவந்த யூனிக்ஸ் நிரல்கள் அப்படியே விழுந்துவிட்டன. இதை மாணவர்களுக்குப் பாடத்திட்ட வேலையாகக் கொடுத்தார். தாறுமாறான எழுத்துகளை ஊட்டிப் பார்த்ததில், சோதித்த நிரல்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று விழுந்தது அல்லது உறைந்து நின்றது. 1990இல் அந்த ஆய்வு வெளிவந்தது. இன்று ஃபஸ்ஸிங் எனப்படும் சோதனை முறை அங்கே தொடங்கியது.

ஒரு படக் கோப்பை வைத்து இதைச் செய்துபார்க்கலாம். பிஎம்பி வகைப் படம் எளிமையானது. முதல் 54 பைட்டுகள் தலைப்பு: அகலம், உயரம், ஒரு புள்ளிக்கு எத்தனை பிட் போன்ற விவரங்கள் அதில் இருக்கும். பிறகு புள்ளிகளின் நிறங்கள். அந்தக் கோப்பைச் சேதப்படுத்த இவ்வளவு போதும்:

```python
import random
b = bytearray(open("photo.bmp", "rb").read())
for _ in range(3):
    b[random.randrange(len(b))] = random.randrange(256)
open("test.bmp", "wb").write(b)
```

இதைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒவ்வொரு முறையும் கிடைக்கும் கோப்பைப் படம் படிக்கும் நிரலுக்குக் கொடுக்க வேண்டும். பெரிய புகைப்படத்தை எடுத்துக்கொண்டால் மாற்றங்கள் எல்லாம் நிறங்களில் போய் விழும்; படத்தில் புள்ளி தெறித்ததுபோலத் தெரியும், அவ்வளவுதான். அதனால் இரண்டுக்கு இரண்டு புள்ளி உள்ள படத்தை எடுப்போம். புள்ளிக்கு 4 பைட் என்றால் நிறங்களுக்கு 16 பைட், மொத்தக் கோப்பு 70 பைட். இப்போது பெரும்பாலான அடிகள் தலைப்பில் விழும்.

பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் 18 முதல் 21 வரையான பைட்டுகள் அகலம். அங்கே 2 என்று இருக்கிறது. 21ஆம் பைட் தற்செயலாக 64 ஆகிவிட்டது என்று கொள்வோம். அகலம் இப்போது 1,07,37,41,826 புள்ளிகள். நிரல் அகலம், உயரம், 4 மூன்றையும் பெருக்கித் தேவையான இடத்தைக் கணக்கிடுகிறது. விடையை 32 பிட் எண்ணில் வைத்தால், அதில் கொள்ளாத மேல்பகுதி உதிர்ந்து மீதி 16 மட்டும் நிற்கும். நிரல் 16 பைட் இடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. பிறகு, கோப்பு முடிந்துவிட்டதா என்றுகூடப் பார்க்காமல் நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளை அதில் எழுதத் தொடங்குகிறது. எல்லையைத் தாண்டித் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டதும் இயங்குதளம் அதை நிறுத்திவிடும். லினக்ஸ் ஷெல்லில் வெளியேறும் எண் 139 என்று வந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

விழவைத்த கோப்பைப் பத்திரப்படுத்தி, மாறிய பைட்டுகளை ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். எதைத் திருப்பினால் நிரல் விழாமல் ஓடுகிறதோ, அந்த பைட் பிழையின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எனக்கு அதிகக் கவலை தருவது விழாத நிரல்தான். எல்லையை நான்கைந்து பைட் மட்டும் தாண்டினால் பக்கத்தில் இருக்கும் தரவு சத்தமில்லாமல் கெடும். நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் சோதனைக்கான நிரலை `-g -fsanitize=address` என்ற தெரிவுகளோடு தொகுப்பது அவசியம். ஒதுக்கிய இடத்தை ஒரு பைட் தாண்டினாலும் அது அங்கேயே நிறுத்தி, நிரலின் எந்த வரி என்று சொல்லிவிடும்.

கண்மூடித்தனமான மாற்றம் மேலோட்டமான பிழைகளோடு நின்றுவிடும். மிக்கேல் சலேவ்ஸ்கி எழுதிய ஏஎஃப்எல் என்ற கருவி, சோதிக்கப்படும் நிரல் எந்தெந்தக் கிளைகளில் போகிறது என்று கவனிக்கிறது. ஒரு மாற்றம் புதிய கிளையைத் திறந்தால் அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு அதையே மேலும் மாற்றும். 2014இல் அவர் `hello` என்ற சொல் மட்டும் உள்ள கோப்பை ஜேபெக் படிக்கும் நிரலுக்குக் கொடுத்து ஓடவிட்டார். சுமார் 6 மணி நேரத்தில் அது செல்லத்தக்க ஒரு ஜேபெக் படமாகவே மாறிவிட்டது. ஜேபெக்கின் தொடக்கக் குறியை நிரல் ஒவ்வொரு பைட்டாகச் சரிபார்ப்பதால், முதல் பைட் பொருந்தியதுமே புதிய கிளை தெரிந்தது.

பிஎன்ஜி படத்தில் இந்த ஏணி இல்லை. அதன் ஒவ்வொரு துண்டின் முடிவிலும் 4 பைட் சரிபார்ப்பு எண் உண்டு. அகலத்தில் ஒரு பைட் மாறினாலும் எண் பொருந்தாது. கோப்பு வாசலிலேயே தள்ளப்படும். நான்கு பைட்டும் ஒரே ஒப்பீட்டில் பொருந்த வேண்டும் என்பதால் பாதி சரியென்று எந்தக் கிளையும் திறக்காது. ஆகவே பிஎன்ஜியைச் சோதிப்பவர்கள், சோதனைப் பிரதியில் மட்டும் அந்தச் சரிபார்ப்பை அணைத்துவிடுவார்கள். அப்படிக் கிடைத்த கோப்புக்குச் சரியான எண்ணைக் கணக்கிட்டுப் பொருத்தி, மாற்றம் செய்யாத அசல் நிரலும் விழுகிறதா என்று பார்த்த பிறகே பிழையை எழுதியவரிடம் தெரிவிக்க வேண்டும்.