எதோடு ஒப்பிட்டார்கள்? ஆய்வேட்டின் இரண்டாம் இயலை எடைபோடும் முறை

பிஎச்.டி. ஆய்வேடுகளில் பெரும்பாலும் இரண்டாம் இயலாக வருவது ‘முன்னாய்வுகள்’. மாணவர் பேச்சில் அது ‘லிட்டரேச்சர் ரிவ்யூ’. எடுத்துக்கொண்ட பொருளில் இதற்கு முன் யார் யார் என்னென்ன கண்டார்கள் என்று சொல்லும் பகுதி அது. எழுதுகிறவருக்கு அலுப்பு, படிக்கிறவர் தாண்டிப் போய்விடுவார். ஆனால், ஆய்வாளருக்குத் தன் துறை பிடிபட்டிருக்கிறதா என்பது இந்த இயலில்தான் தெரிந்துவிடும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழ்நாட்டு உழவர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளை வைத்தே பார்க்கலாம். வேளாண் கல்லூரி மாணவி ஒருவர் ‘திருந்திய நெல் சாகுபடி’ பற்றி ஆய்வேடு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினான்கு நாள் வயதுள்ள இளநாற்று, குத்துக்கு ஒற்றை நாற்று, சதுரமாக 25 செ.மீ. இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர், கோனோவீடர் என்ற உருளும் களைக்கருவி – இவ்வளவுதான் முறை. மடகாஸ்கரில் வாழ்ந்த ஹென்றி த லொலானியே என்ற பாதிரியார் 1980களில் இதை உருவாக்கினார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் அப்ஹாஃப் உலகெங்கும் பரப்பினார். எஸ்.ஆர்.ஐ. என்ற மூன்றெழுத்துப் பெயர் அப்படித்தான் பரவியது.

மாணவியின் இரண்டாம் இயல் நாற்பது பக்கம். அதில் ஒரு பத்தி இப்படி இருக்கிறது: “எஸ்.ஆர்.ஐ. முறை அதிக விளைச்சல் தருவதாக இன்னார் கண்டறிந்தார். இம்முறையில் தூர்களின் எண்ணிக்கை கூடுவதாக மற்றொருவர் தெரிவித்துள்ளார். நீர் மிச்சமாவதாக வேறொருவர் குறிப்பிட்டுள்ளார். விளைச்சலில் வேறுபாடு இல்லை என்று இன்னொருவர் கூறியுள்ளார்.” நாற்பது பக்கமும் இதே ஓட்டம். பிழை என்று எந்த வாக்கியத்தையும் சொல்ல முடியாது. இருந்தாலும் இந்த இயல் தேறுமா?

முதலில் பார்க்க வேண்டியது, எதையெல்லாம் படித்திருக்கிறார் என்பது. மேற்கோள் பட்டியலில் இருநூறு பெயர்கள் இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. இந்தப் பொருளில் உலகம் இரண்டு அணியாகப் பிரிந்து சண்டையிட்டது. இரண்டு அணியும் பட்டியலில் இருக்கின்றனவா என்பதே கேள்வி. மடகாஸ்கரில் எக்டேருக்குப் பதினைந்து டன்னுக்கு மேல் விளைந்ததாகச் சொல்லப்பட்டபோது, பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஷீஹியும் பிறரும் சீனாவில் மூன்று இடங்களில் சோதித்துவிட்டு, அப்படியொரு மேன்மை தெரியவில்லை என்று 2004இல் எழுதினார்கள். 2006இல் மெக்டொனால்டு, ஹாப்ஸ், ரீஹா மூவரும் அதுவரை வந்த சோதனை முடிவுகளை ஒன்றுதிரட்டினார்கள். 2008இல் அப்ஹாஃப் தரப்பு அதை மறுத்தது. அதற்கும் மறுப்பு வந்தது. ஆதரித்தவற்றை மட்டும் அடுக்கிவிட்டு இவர்களை விட்டுவிட்ட இயல், நானூறு பெயர் சொன்னாலும் குறைப்பட்டதே.

இதைச் சோதிக்க இரண்டு சின்ன வழிகள் உண்டு. ஒன்று, எதைச் சேர்த்தேன், எதை விட்டேன், ஏன் என்று மாணவி எங்காவது சொல்லியிருக்கிறாரா என்று தேடுவது. எந்தத் தரவுத்தளங்களில், எந்தெந்தச் சொற்களைக் கொண்டு தேடினார்? ஆங்கிலப் பெயரை மட்டும் போட்டுத் தேடியிருந்தால் ‘ஒற்றை நாற்று நடவு’ என்ற பெயரில் வந்த தமிழ் அறிக்கைகள் கண்ணில் பட்டிருக்காது. நம் வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகள் கிடைக்கும் ‘கிருஷிகோஷ்’ களஞ்சியத்தைப் பார்த்தாரா? இன்னொரு வழி, கண்ணைக் கவரும் எண் ஒன்றை எடுத்து அதன் வேரைத் தேடுவது. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 2011இல் ஒரு உழவர் எக்டேருக்கு 22.4 டன் எடுத்தார் என்பது உலகச் செய்தியானது. கலப்பின நெல்லின் தந்தை எனப்படும் சீன அறிவியலாளர் யுவான் லாங்பிங் அதை நம்பவில்லை. அந்த எண்ணைச் செய்தித்தாளிலிருந்து எடுத்து, ஆய்வு முடிவுகளின் நடுவே அவற்றுக்குச் சமமாக மாணவி உட்கார வைத்திருந்தால், மற்ற எண்களையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, இந்த இயலின் உயிர்நாடி: படித்தவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டாரா? “சிலர் கூடும் என்றார்கள், சிலர் கூடாது என்றார்கள்” என்று நிறுத்திவிட்டால் அது பட்டியல்தான். ஏன் இப்படி முரண்படுகிறார்கள் என்று கேட்கும் இடத்தில்தான் ஆய்வு தொடங்குகிறது.

இந்த வழக்கில் அந்த முரணுக்கு விடை பெரும்பாலும் ஒரே கேள்வியில் இருக்கிறது: எதோடு ஒப்பிட்டார்கள்? தாமிரபரணிப் பாசனப் பகுதியில் 2003–04இல் நூறு உழவர்களின் வயல்களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சோதித்தது. அதில் எக்டேருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் கூடுதலாகக் கிடைத்தது. அங்கே எதிரே நின்றது, உழவர்கள் வழக்கமாகச் செய்துவந்த சாகுபடி. மெக்டொனால்டு குழுவோ, பரிந்துரைக்கப்படும் சிறந்த சாகுபடி முறையோடு ஒப்பிட்ட நாற்பது சோதனைப் பருவங்களை எடுத்துக்கொண்டது. மடகாஸ்கரின் ஐந்தைக் கழித்தால் மிஞ்சிய முப்பத்தைந்தில் இருபத்து நான்கில் எஸ்.ஆர்.ஐ. பின்தங்கியது, சராசரியாக 11 சதவீதம் குறைவு. ஆக, இரண்டு முடிவுகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். நாற்றை நெருக்கி, முதிர விட்டு நட்டுவந்தவருக்கு இந்த முறை ஆதாயம் தந்திருக்கும். ஏற்கெனவே எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்பவருக்கு அதனால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காமலும் போயிருக்கும்.

இதற்கு மறுதரப்பு சொன்ன பதிலையும் மாணவி வைக்க வேண்டும். அந்தச் சோதனைகளில் பல, முறையை முழுமையாகப் பின்பற்றவில்லை. அரைகுறையாகச் செய்ததை எஸ்.ஆர்.ஐ. என்று கணக்கில் சேர்த்தது தவறு என்பது அவர்கள் வாதம். அப்படியானால் எத்தனை அம்சங்களைப் பின்பற்றினால் அது எஸ்.ஆர்.ஐ.? இந்தக் கேள்வி வரை வந்துவிட்டால் மாணவியின் பத்தி இப்படி மாறும்: “விளைச்சல் கூடியதாகச் சொல்லும் ஆய்வுகள் பலவும் உழவர் வழக்கத்தோடு ஒப்பிட்டவை, கூடவில்லை என்பவை சிறந்த பரிந்துரையோடு ஒப்பிட்டவை. தவிர, எஸ்.ஆர்.ஐ. என்ற பெயரில் எதைச் செய்தார்கள் என்பதும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. எனவே விளைச்சல் பற்றிய முரண், முறையைப் பற்றியது என்பதைவிட ஒப்பீட்டைப் பற்றியது.” முந்தைய பத்தியில் தொகுப்பாளர் இருந்தார், இதில் ஆய்வாளர் இருக்கிறார்.

மூன்றாவது, இடைவெளி. “திருவாரூர் மாவட்டத்தில் இதுவரை யாரும் ஆராயவில்லை, எனவே இந்த ஆய்வு தேவையாகிறது” என்ற வரியை நம் ஆய்வேடுகளில் அடிக்கடி காணலாம். யாரும் செய்யவில்லை என்பது மட்டுமே காரணமாகிவிடாது. திருவாரூரின் களிமண், மேட்டூர் அணை திறப்பை நம்பிய பாசனம் ஆகியவற்றால் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது அங்கே முடியாமல் போகலாம் என்று காட்டினால், அப்போது ஊர் ஒரு காரணமாகிறது.

உண்மையான இடைவெளி, முன்னாய்வுகளின் முடிவிலிருந்தே முளைக்கும். மடகாஸ்கரில் மோசர், பாரெட் இருவரும் 2003இல் ஒன்றைக் காட்டினார்கள். விளைச்சல் கூடியும் உழவர் பலர் இம்முறையைக் கைவிட்டார்கள். கூடுதல் வேலை விழுந்த நேரம், ஏழைகள் கூலிக்குப் போயாக வேண்டிய நேரம். இந்தோனேசியாவில் தகஹாஷி, பாரெட் இருவரும் பின்னர் ஆராய்ந்தபோது, நெல் கூடியது, குடும்ப வருமானம் கூடவில்லை. வெளிவேலைக்குப் போயிருக்க வேண்டிய உழைப்பு வயலுக்குப் போய்விட்டது. இதைப் படித்த மாணவி, ‘நம் டெல்டாவில் களைக்கருவி வந்தபின் களையெடுக்கும் பெண்களின் கூலி என்ன ஆனது?’ என்று கேட்டு, அதற்கு விடை சொன்ன ஆய்வு தான் தேடிய இடங்களில் இல்லை என்றும் காட்டினால், அந்த இடைவெளி நிற்கும். இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டாம் இயல் கூலியில் இடைவெளி இருக்கிறது என்று முடிந்து, மூன்றாம் இயலில் தூர்களை மட்டும் எண்ணும் திட்டம் வந்தால், இரண்டும் வேறு வேறு ஆய்வேடுகள்.

கடைசியாக, அடுக்கு. ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். எல்லாம் ஓர் ஆளின் பெயரிலும் ஆண்டிலும் தொடங்கினால், இயல் ஆண்டுவாரிப் பட்டியல். மாறாக, முதல் வாக்கியங்களே ஒரு வாதமாகக் கோத்துக்கொண்டு போனால் அடுக்கு சரி. இந்தப் பொருளுக்கு மூன்று தலைப்பு போதும்: எதோடு ஒப்பிட்டால் விளைச்சல் கூடுகிறது, எந்த அம்சத்தால் கூடுகிறது, யாருடைய உழைப்பால் கூடுகிறது. மூன்றாவது தலைப்பு முடியும் இடத்தில் மாணவியின் சொந்தக் கேள்வி பிறக்க வேண்டும். பத்திகளை இடம் மாற்றி வைத்தாலும் எதுவும் கெடவில்லை என்றால், அங்கே வரிசை என்று ஒன்று இருந்ததே இல்லை.

இந்தச் சோதனைகள் புதியவை அல்ல. அமெரிக்காவின் டேவிட் பூட், பென்னி பைல் இருவரும் 2005இல் பன்னிரண்டு அளவுகோல்களை வகுத்து, கல்வியியல் துறையின் முப்பது முனைவர் ஆய்வேடுகளுக்கு மதிப்பெண் இட்டார்கள். எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதற்குக் காரணம் சொன்னவர்கள் அங்கேயும் அரிது. ஆக, இது நம் மாணவர்களின் தனிக்குறை அல்ல.

நான்கு அளவுகளுக்கும் சம மதிப்பெண் தருவது வழக்கம். அது சரியல்ல. விடுபட்ட கட்டுரையைப் பின்னர் சேர்க்கலாம். அடுக்கை ஒரு வாரத்தில் மாற்றி எழுதலாம். முடிவுகள் ஏன் முரண்படுகின்றன என்பதை விளக்க முடியாத மாணவருக்கு இடைவெளியும் தெரியாது, தன் ஆய்வின் முடிவு எந்தப் பக்கம் சேரும் என்பதும் தெரியாது. எனவே நெறியாளர்கள் நாற்பது பக்கம் கேட்பதை விட்டுவிட்டு, “இவர்கள் ஏன் ஒத்துப்போகவில்லை?” என்ற கேள்விக்கு இரண்டு பக்கம் கேட்கட்டும். அந்த இரண்டு பக்கம் வரும்வரை இரண்டாம் இயலுக்குக் கையெழுத்திட வேண்டாம்.