நடுவருடத்தில் கமிஷன் மாறினால் சேல்ஸ்மேனிடம் எப்படிச் சொல்வது?

2024 அக்டோபர் 1 அன்று எல்.ஐ.சி. ஏஜென்ட்டுகளின் கமிஷன் கணக்கு மாறியது. பாலிசியைப் பாதியில் சரண்டர் செய்பவருக்குக் கூடுதல் பணம் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த விதி அன்றுதான் அமலுக்கு வந்தது. அதையொட்டி முதல் ஆண்டுக் கமிஷன் 35 சதவீதத்திலிருந்து 28 ஆகக் குறைந்தது. பின்வரும் ஆண்டுகளில் 5 சதவீதமாக இருந்தது 7.5 ஆக உயர்ந்தது. ஏஜென்ட் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன.

20,000 ரூபாய் பிரீமியத்துக்கு முன்பு முதல் ஆண்டில் 7,000 ரூபாய் கிடைத்தது, இப்போது 5,600. கையை விட்டுப் போவது 1,400. கமிஷன் உயர்ந்த ஆண்டு ஒவ்வொன்றிலும் 500 ரூபாய் கூடுதலாக வருகிறது. அப்படி மூன்று ஆண்டு பிரீமியம் கட்டப்பட்டால்தான் இழந்தது திரும்பும். பாலிசி அதற்கு முன்பே நின்றுவிட்டால் நஷ்டம் ஏஜென்ட்டுக்குத்தான். ஆக, “மொத்தத்தில் உங்களுக்கு லாபம்தான்” என்ற வாக்கியம் சிலருக்கு மெய், சிலருக்குப் பொய்.

இதே சிக்கல் அவலூர்பேட்டையில் ஒரு மோட்டார் பம்ப் கடையில் எப்படி வரும் என்று பார்ப்போம். இது கற்பனைக் கணக்கு. சேல்ஸ்மேனுக்கு பில் தொகையில் 2 சதவீதம் கமிஷன். மாதம் 5 லட்சத்துக்கு விற்றால் 10,000 ரூபாய். விவசாயிகள் மல்லாட்டை விற்ற பிறகுதான் பாக்கியைக் கட்டுகிறார்கள். முதலாளியின் பணம் வெளியே முடங்குகிறது. அதனால் பில் போடும்போது 1 சதவீதம், வசூலானதும் 1.25 சதவீதம் என்று மாற்ற நினைக்கிறார்.

பணம் முழுதும் வசூலானால் 5,000-மும் 6,250-மும் சேர்ந்து 11,250. நூற்றுக்கு எண்பது வசூலானால் பழைய 10,000-மே வரும். பாதிதான் வசூலானால் 8,125. டவுனில் ரொக்கத்துக்கு விற்பவர் ஜெயிப்பார். வானம் பார்த்த பூமிக்குப் போய் விற்பவர் தோற்பார், அல்லது அறுவடை வரை காத்திருப்பார். அறிவிக்கும் முன் முதலாளி செய்ய வேண்டிய முதல் வேலை, ஒவ்வொருவரின் கடந்த ஓராண்டு விற்பனையையும் இரண்டு கணக்கிலும் போட்டுப் பார்ப்பது. சராசரி இங்கே உதவாது.

அடுத்து, எல்லாரையும் கூட்டிச் சொல்வதற்கு முன், நஷ்டப்படப் போகிறவரைத் தனியாக உட்காரவைத்து அவருடைய தாளையே காட்ட வேண்டும். “தம்பி, பாக்கி நிக்கிறதால கம்பெனிக்குப் பணம் கட்ட முடியல. அதுக்காகத்தான் மாத்துறேன். போன வருஷ வியாபாரத்த வெச்சுப் பாத்தா உனக்கு மாசம் 1,800 ரூபா கிட்ட குறையும்.” காரணத்தை மறைத்து, “உங்க நல்லதுக்குத்தான்” என்று தொடங்கினால், முதல் மாதக் கமிஷன் கைக்கு வரும்போதே குட்டு உடைந்துவிடும்.

அவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “மொதலாளி, போன மாசம் பில் போட்ட மோட்டாருக்கு?” நம்பிக்கை நிற்பதும் சாய்வதும் இந்தப் பதிலில்தான். குறிப்பிட்ட தேதிக்கு முன் போட்ட பில் அனைத்துக்கும் பழைய கணக்கே என்று ஒரு கோடு கிழிக்க வேண்டும். பில் ஆகாத, ஆனால் விவசாயி முன்பணம் கொடுத்துவிட்ட ஆர்டர் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். மூன்று மாதம் அலைந்து பிடித்த ஆர்டருக்குப் புதுக் கணக்கைப் போட்டால், மாற்றம் எவ்வளவு நியாயமானாலும், செய்த வேலைக்குக் கூலியைக் குறைத்ததாகவே அவர் எடுத்துக்கொள்வார்.

பேசியதை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்: பழைய விகிதம், புதிய விகிதம், தொடங்கும் தேதி, கோட்டில் நிற்கும் ஆர்டர்களின் பட்டியல். முதல் அறுவடை வரை பழைய வருமானத்துக்குக் குறையாமல் தருவதாக இருந்தால் அதையும், அது முடியும் தேதியையும் எழுதுங்கள்.

எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்? தொழிலாளரின் ஊதியத்தைப் பாதகமாக மாற்ற 21 நாள் நோட்டீஸ் வேண்டும் என்றது 1947-இன் தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு. 2020-இன் தொழிலுறவுத் தொகுப்பிலும் அதே 21 நாள்தான். எல்லாச் சேல்ஸ்மேனும் சட்டம் சொல்லும் ‘தொழிலாளர்’ வரையறைக்குள் வருவதில்லை. உங்கள் ஆட்கள் வருவார்களா என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டாலும், அவர் வீட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்ள அந்த மூன்று வாரம் தேவைப்படும்.

முதல் மாதக் கமிஷன் கொடுக்கும்போது பழைய கணக்கில் எவ்வளவு வந்திருக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவரிடம் முன்பு காட்டிய தாளோடு ஒத்துப்போகாவிட்டால், அவர் கேட்பதற்கு முன் நீங்களே காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.