இ.எம்.ஐ மாறவில்லை... ஆனால், கடன் எப்போது முடியும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் 32 வயது தொழிலாளி ஒருவர், திருவள்ளூர் பக்கம் வீடு கட்ட 10 லட்ச ரூபாய் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 7 சதவிகிதம், மாதத் தவணை 7,753 ரூபாய். 240 மாதங்களில், அவருடைய 52-வது வயதில் கடன் முடிந்துவிடும்.

அது மாறும் வட்டிக் கடன். தொடக்கத்திலேயே வட்டி 9 சதவிகிதமாகிவிட்டால்? தவணை அதே 7,753 ரூபாய்தான் என்பதால் அவருக்கு எதுவும் உறைக்காது. ஆனால், கடன் முடியும்போது வயது 70!

காரணம் எளிது. கட்டும் தவணை முதலில் வட்டிக்குப் போகும். மிச்சம்தான் அசலைக் குறைக்கும். 7 சதவிகிதத்தில் முதல் மாத வட்டி 5,833 ரூபாய். அசலில் 1,920 ரூபாய் குறையும். 9 சதவிகிதத்தில் வட்டி 7,500 ரூபாய். அசலில் குறைவது வெறும் 253 ரூபாய்.

மொத்தம் எத்தனை மாதம் என்பதை போனில் உள்ள கூகுள் ஷீட்ஸிலேயே பார்த்துவிடலாம். ஒரு கட்டத்தில் இப்படி டைப் செய்ய வேண்டும்:

```
=NPER(9%/12, -7753, 1000000)
```

முதலில் மாத வட்டி, அடுத்து தவணை, கடைசியில் பாக்கி அசல். விடை சுமார் 458 மாதம். அதாவது, 38 வருடம் 2 மாதம். தவணை கையிலிருந்து போகும் பணம் என்பதால் மைனஸ் குறி அவசியம். அதை விட்டுவிட்டால் விடையும் மைனஸில் வரும்.

வட்டியை 9.5% என்று மாற்றினால் `#NUM!` என்று வரும். 12-ஆல் வகுக்க மறந்தாலும் இதே பிழைதான் வரும் என்பதால், முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும். வகுத்தும் பிழை வந்தால், அந்தக் கடன் ஒருநாளும் முடியாது என்று அர்த்தம். அப்போது மாத வட்டியே 7,917 ரூபாய், தவணையைவிட அதிகம். கட்டக் கட்ட அசல் ஏறும்.

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4-லிருந்து 6.5 சதவிகிதமானது. பலருக்குத் தவணை மாறாமல் கடன் காலம் மட்டும் நீண்டது. அதனால் 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சமா என்று தேர்வு செய்யும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தர வேண்டும். காலத்தை நீட்டுவதால் அசல் ஏறும் நிலையும் வரக் கூடாது.

நம் தொழிலாளி 9 சதவிகிதத்திலும் 240 மாதங்களில் முடிக்க நினைத்தால், தவணை 8,997 ரூபாய். மாதம் 1,244 ரூபாய் கூடுதல். மொத்தமாகக் கட்டுவது சுமார் 21.6 லட்சம். பழைய தவணையிலேயே 458 மாதம் இழுத்தால் 35.5 லட்சம்!