டேட்டா தீர்ந்த பிறகும் திறக்கும் பக்கம்

நாள் ஒன்றுக்கு ஒன்றரை ஜிபி என்று போட்ட ரீசார்ஜ், பலருக்கு இரவு எட்டு மணிக்குள் காலியாகிவிடும். அதன் பிறகு இணைப்பு அறுவதில்லை. பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆக இறங்கிவிடும். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், நொடிக்கு 8 கேபி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நிலையில் வாட்ஸ்அப் செய்தி போகும், வரும். செய்தித் தளங்கள் திறக்காது. நெட் சரியில்லை என்று போனைக் கீழே வைத்துவிடுவோம். உண்மையில் நொடிக்கு 8 கேபி என்பது ஒரு கட்டுரையைப் படிக்கத் தாராளமான வேகம். திறக்காமல் போவதற்குப் பெரும்பாலும் பக்கத்தைக் கட்டியவர்தான் காரணம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அணை திறப்பு பற்றி 800 சொற்களில் ஒரு செய்தி, கூடவே அணையின் படம் ஒன்று. இதற்கு எவ்வளவு எடை?

எழுத்திலிருந்து தொடங்கலாம். யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும், ஆங்கில எழுத்துக்கோ ஒன்று போதும். தமிழ் கனம் என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான். 800 சொல் கட்டுரை 20 கேபியைத் தொடும் என்பதும் சரியே. ஆனால் அந்த மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் ஒன்றேதான். இரண்டாவதும் இரண்டே வகை. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவது ஜிசிப் போன்ற சுருக்கு முறைகளுக்குக் கைவந்த கலை. சர்வரில் அதை இயக்கிவிட்டால் நம் கட்டுரை ஐந்தாறு கேபிக்குள் அடங்கிவிடும்.

இந்த ஐந்தாறு கேபிக்கு இன்னொரு சிறப்பு உண்டு. போன் ஒரு தளத்தைத் திறக்கும்போது முகவரியைக் கேட்க, இணைப்பைத் தொடங்க, பூட்டை மாற்றிக்கொள்ள, பக்கத்தைக் கேட்க என்று சர்வருக்கும் போனுக்கும் இடையே குறைந்தது மூன்று நான்கு முறை போய்வர வேண்டும். சிக்னல் மோசமான இடத்தில் ஒரு போய்வரவுக்கே அரை நொடி ஆகலாம். அதன் பிறகும் சர்வர் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டாது. முதல் தவணையில் சுமார் 14 கேபி அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்ததா என்று பதிலுக்குக் காத்திருக்கும். செய்தியும் அதற்கு வேண்டிய சிறிதளவு அலங்காரமும் அந்த 14 கேபிக்குள் இருந்தால், முதல் தவணையிலேயே படிக்கத் தொடங்கலாம். அதே பக்கம் விளம்பரத்துக்கு ஓரிடம், எழுத்துருவுக்கு ஓரிடம், பார்வையாளர் கணக்குக்கு ஓரிடம் என்று பல சர்வர்களைத் தேடிப் போனால், ஒவ்வோர் இடத்துக்கும் அந்தப் போய்வரவு மறுபடி நடக்கும்.

எழுத்துரு பற்றி ஒரு வார்த்தை. இன்றைய ஆண்ட்ராய்ட் போன்களில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. அழகுக்காக வேறொன்றை இறக்கினால் சாதாரணத்துக்கு ஒரு கோப்பு, தடித்ததற்கு ஒரு கோப்பு. அது வந்து சேரும்வரை உலாவி மூன்று நொடிவரை எழுத்தை மறைத்தே வைத்திருக்கும். செய்தி கைக்கு வந்தும் திரை வெறுமையாக இருக்கும்! இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் போனின் எழுத்துருவில் காட்டு, பிறகு மாற்று என்று `font-display: swap` என்ற ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

இனி படம். நிருபர் போனில் எடுத்தது 4000க்கு 3000 புள்ளி, 4 எம்பி. அப்படியே ஏற்றினால் 64 கேபிபிஎஸ்-இல் இறங்க எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். மலிவு விலைப் போன்களில் பெரும்பாலானவற்றின் திரை அகலம் 720 புள்ளிதான். படத்தை 720க்கு 540 ஆக்கி, தரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சேமித்தால் 70 கேபி அளவுக்கு வந்துவிடும். ஒன்பது நொடியில் இறங்கும். படத்தின் நீள அகலத்தைப் பக்கத்திலேயே குறிப்பிட்டுவிட்டால் உலாவி இடம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். படம் வரும்போது, படித்துக்கொண்டிருந்த வரி கீழே ஓடிப்போகாது.

இறக்கும் நேரத்தைவிட நினைவகம் பெரிய தொல்லை. 4 எம்பி என்பது சுருட்டி வைத்த அளவு. திரையில் காட்ட விரிக்கும்போது புள்ளிக்கு 4 பைட் வேண்டும். அந்தப் பெரிய படத்தை முழு அளவில் விரித்தால் 48 எம்பி. சிறியதற்கு ஒன்றரை எம்பி போதும். சில உலாவிகள் விரிக்கும்போதே சுருக்கிக்கொள்ளும், ஆனால் அதை நம்பிப் பக்கம் கட்டக் கூடாது. 2 ஜிபி ரேம் உள்ள போனில் சிஸ்டத்துக்குப் போக மீதி கொஞ்சம்தான். இடம் போதாதபோது, பின்னணியில் இருப்பதைப் போன் மூடிவிடும். விண்ணப்பம் நிரப்பி, ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் பக்கம் புதிதாகத் திறந்து எல்லாக் கட்டமும் காலியாக நிற்கிறதே, அது பல சமயம் இதனால்தான். பக்கத்தை இலேசாக்குவது ஒரு தீர்வு. நிரப்பியதை அவ்வப்போது போனிலேயே குறித்துவைத்து, திரும்பி வந்ததும் எடுத்துக் கொடுப்பது அதைவிட உறுதியான தீர்வு.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் பக்கம் திணறினால் ஜாவாஸ்கிரிப்டைச் சந்தேகிக்கலாம். 300 கேபி படமும் 300 கேபி ஸ்கிரிப்டும் இறங்க ஒரே நேரம்தான் ஆகும், ஆனால் செலவு ஒன்றல்ல. படத்தை விரித்துக் காட்டினால் வேலை முடிந்தது. ஸ்கிரிப்டை விரித்தால் ஒரு எம்பி அளவுக்குப் பெருகும். அதைப் படித்து, மொழிபெயர்த்து, வரி வரியாக இயக்க வேண்டும். விலை உயர்ந்த போனில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவது, மலிவுப் போனில் பல நொடி இழுக்கும். அறிகுறி எளிது: பக்கம் வந்துவிட்டது, ஆனால் தொட்டால் அசையாது, நான்கைந்து முறை தொட்ட பிறகு அத்தனை தொடுதலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். இதைவிட மோசம், வெற்றுக் கூட்டை அனுப்பிவிட்டு, செய்தியையே ஸ்கிரிப்ட் வந்து கொண்டுவரும்படி கட்டுவது. வழியில் ஒரு கோப்பு தவறினால் வெள்ளைத் திரைதான் மிஞ்சும். செய்திக்குப் பணம் கட்டும் பக்கத்தின் ஜோடனை எதற்கு? பணம் கட்டும் பக்கத்துக்கே ஓரளவு ஸ்கிரிப்ட் போதும்.

இந்தக் குறைகள் நிறுவனங்களின் கண்ணில் படாமல் போவதற்கும் காரணம் இருக்கிறது. யூடியூபில் வேலை பார்த்த கிறிஸ் ஸக்காரியாஸ் என்ற பொறியாளர் 2009 வாக்கில், 1.2 எம்பி இருந்த வீடியோப் பக்கத்தை 98 கேபியாகக் குறைத்தார். வெளியிட்டுப் பார்த்தால், பக்கம் திறக்கும் சராசரி நேரம் குறைவதற்குப் பதில் கூடியிருந்தது! நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, சைபீரியா பகுதிகளில் பழைய பக்கம் திறக்க இருபது நிமிடம் ஆகும் என்பதால் அங்கே பலர் யூடியூப் பக்கமே வராமல் இருந்தார்கள். இலேசான பக்கம் இரண்டு நிமிடத்தில் திறந்ததும் அவர்கள் வந்துசேர, சராசரி ஏறிவிட்டது. திறக்க முடியாதவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை என்பதால், கணக்கு அழகாகவே இருக்கும்.

நம் ஊர் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பக்கச் சுற்றறிக்கையை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து 2 எம்பி பிடிஎஃப்பாக ஏற்றுகிறீர்கள். 64 கேபிபிஎஸ்-இல் அது இறங்க நாலு நிமிடம் ஆகும். கையெழுத்துப் பிரதி அங்கேயே இருக்கட்டும்; கடைசித் தேதி, கட்டணம், தேவையான சான்றிதழ்கள் இந்த மூன்றையும் அதன் மேலே யூனிகோட் எழுத்தாக அடித்துப் போடுங்கள். ஒரு கேபிகூட ஆகாது.